ஆகஸ்ட் மாத ஆல்ட்டர் ரிப்போர்ட்: ஒரே எண்ணுக்கு மூன்று விதமான வாசகம்

திருப்பூரில் அவிநாசி ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நாலு தையல் லைன்கள். ஒவ்வொரு லைனிலும் மாதம் சுமார் 12,500 பீஸ், ஆக மொத்தம் 50,000 பீஸ் ஓடும். லைன் கடைசியில் செக்கிங் டேபிளில் ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்ப்பார்கள். தையல் விட்டுப்போனது, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை என்று ஏதாவது இருந்தால் அந்த பீஸ் சரிசெய்வதற்காக, அதாவது ஆல்ட்டருக்கு, திரும்பும். நூற்றுக்கு எத்தனை பீஸ் திரும்பியது என்பதுதான் எங்கள் மாத ரிப்போர்ட்டின் முதல் எண். அந்த ஒரு எண்ணை ஆகஸ்ட் மாதத்துக்கு மூன்று முறை எழுத வேண்டி வந்தது. முதல் முறை மிகைப்படுத்தினோம், இரண்டாவது முறை மறைத்தோம், மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

எண்கள் இவை:

| மாதம் | ஆல்ட்டர் (நூற்றுக்கு) |
|---|---|
| ஜனவரி | 3.1 |
| பிப்ரவரி | 2.9 |
| மார்ச் | 3.2 |
| ஏப்ரல் | 3.0 |
| மே | 2.8 |
| ஜூன் | 3.1 |
| ஜூலை | 3.0 |
| ஆகஸ்ட் | 3.4 |

முதல் ரிப்போர்ட்

செப்டம்பர் முதல் வாரம் முதலாளி மேசைக்குப் போன ரிப்போர்ட்டில் இப்படி எழுதியிருந்தது: "மே மாதம் 2.8% ஆக இருந்த குறைபாடு தொடர்ந்து அதிகரித்து ஆகஸ்டில் 3.4% ஆக எகிறியுள்ளது. இது 21% உயர்வு. தரம் வேகமாகச் சரிந்து வருகிறது." மேலே ஒரு பட்டை வரைபடம். ஆகஸ்ட் பட்டை மட்டும் சிவப்பு.

அதை எழுதியது எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண். கையெழுத்துப் போட்டது நான். ஷிப்மெண்ட் நெருக்கடியில் எண்களை மட்டும் சரிபார்த்துவிட்டு, வாசகத்தையும் படத்தையும் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். எண்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. 2.8-லிருந்து 3.4 என்பது 21% உயர்வுதான். ஆனாலும் அந்த மூன்று வரியைப் படித்தவருக்கு வந்த எண்ணம் முழுக்கத் தப்பானது.

முதலாளி அன்று சாயங்காலமே நாலு லைன் சூப்பர்வைசர்களையும் கூப்பிட்டார். "ஏனுங்க, தரம் இப்படிச் சரிஞ்சுட்டே போச்சுன்னா நாளைக்கு பையருக்கு என்னன்னு பதில் சொல்றதுங்க?" என்று கேட்டார். முதல் லைன் சூப்பர்வைசர் என்னிடம் வந்து, "அண்ணா, என்ற லைன்ல என்னுங்க மாறுச்சு? போன மாசம் ஓடுன மாதிரியேதானுங்க ஓடுது" என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் அதைக் காட்ட ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லை. மறுநாளிலிருந்து நாலு டேபிளிலும் கூடுதல் ஆள் போட்டு, எதையும் விடாமல் கறாராகப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த உத்தரவு செப்டம்பர் எண்ணை என்ன செய்தது என்பது பின்னால் வரும்.

படம் எங்கே பெரிதாக்கியது

வரைபடத்தில் நிற்கும் அச்சு 2.6-ல் தொடங்கி 3.6-ல் முடிந்திருந்தது. காகிதத்தில் அதன் உயரம் 5 செ.மீ. மே பட்டை 1 செ.மீ., ஆகஸ்ட் பட்டை 4 செ.மீ. கண்ணுக்கு ஆகஸ்ட், மே மாதத்தைப் போல நாலு மடங்கு. உண்மையில் ஆகஸ்ட், மே மாதத்தைப் போல 1.2 மடங்குதான். பட்டை வரைபடத்தில் பட்டையின் நீளம்தான் அளவைச் சொல்கிறது. அடியை வெட்டிவிட்டால் நீளத்துக்கும் எண்ணுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அதனால் பட்டை என்றால் 0-வில்தான் தொடங்க வேண்டும்.

ஏன் 2.6-ல் வைத்தாய் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "0-வில் வெச்சா எல்லாப் பட்டையும் ஒரே மாதிரி தெரியுதுங்கண்ணா, வித்தியாசமே தெரியல. அதான் `Format Axis`-ல போய் `Minimum` மாத்தினேன்" என்றது. ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. எல்லாப் பட்டையும் ஒரே மாதிரி தெரிந்ததுதான் அந்த எட்டு மாதத்தின் செய்தி. அதைப் படத்தின் குறையாக நினைத்துத் திருத்திவிட்டது. எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் எக்செல்லே சில நேரம் தானாக 0-வை விட்டு மேலே தொடங்கிவிடும். அதனால் இப்போது எந்தப் படம் வந்தாலும் முதலில் அச்சின் அடி எண்ணைத்தான் பார்க்கிறேன், பட்டைகளை அப்புறம்தான்.

சொல் எங்கே பெரிதாக்கியது

படத்தைவிட வாசகம் அதிகம் கெடுத்தது. மூன்று இடத்தைச் சொல்கிறேன்.

ஒன்று, 'மே மாதத்திலிருந்து' என்ற தொடக்கம். எட்டு மாதத்தில் மே மாதம்தான் தாழ்ந்த எண். தாழ்ந்த இடத்தில் நின்றுகொண்டு அளந்தால் எந்த மேடும் உயரமாகத்தான் தெரியும். மார்ச்சிலிருந்து அளந்திருந்தால் 3.2-லிருந்து 3.4. 'தொடர்ந்து அதிகரித்து' என்பதும் உண்மையில்லை. ஜூனில் 3.1, ஜூலையில் 3.0. நடுவில் ஒரு மாதம் குறைந்திருக்கிறது.

இரண்டு, 21% என்ற எண். எங்கள் அளவே நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு. அதன் உயர்வையும் நூற்றுக்கு இத்தனை என்று சொன்னால் படிப்பவர் குழம்பிவிடுவார். 2.8-லிருந்து 3.4 என்பது 0.6 சதவீதப் புள்ளி உயர்வு. அதையே 21% உயர்வு என்றும் சொல்லலாம், இரண்டும் கணக்குப்படி சரி. ஆனால் முதலாளிக்கு 21% என்றதும் நூறு பீஸில் இருபத்தொரு பீஸ் கெட்டுப்போவதுபோல் ஒரு நினைப்பு வந்துவிட்டது. அவரே பிறகு அப்படிச் சொன்னார். அதே நேரம் 'சதவீதப் புள்ளி' என்று எழுதினாலும் எங்கள் தளத்தில் பாதிப் பேருக்குப் புரியாது. எங்களுக்கு ஒத்துவந்தது பீஸ் கணக்கு. "ஆயிரம் பீஸுக்கு 30 திரும்பிக்கொண்டிருந்தது, இப்போது 34" என்றால் விளக்கமே தேவையில்லை. தொடங்கிய எண், முடிந்த எண், எத்தனையில் இத்தனை என்ற மூன்றும் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: வினைச்சொல். தமிழில் ஏற்றத்தைச் சொல்ல ஏகப்பட்ட சொற்கள் இருக்கின்றன. கூடியது, உயர்ந்தது, ஏறியது என்பவை அளவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, திசையை மட்டும் சொல்கின்றன. எகிறியது, பாய்ந்தது, கிடுகிடுவென உயர்ந்தது என்பவற்றில் வேகமும் பயமும் சேர்ந்தே வருகின்றன. இறங்குவதிலும் அப்படித்தான். குறைந்தது என்பது ஒன்று, சரிந்தது என்பது வேறொன்று. ஆயிரத்துக்கு நாலு பீஸ் கூடியதற்கு 'எகிறியது' என்று எழுதிவிட்டால், நாளைக்கு ஆயிரத்துக்கு நாற்பது கூடினால் எழுதச் சொல் இருக்காது.

அதோடு 'சரிந்து வருகிறது' என்ற முடிவையும் கவனிக்க வேண்டும். 'உயர்ந்தது' என்றால் நடந்து முடிந்தது. 'உயர்ந்துள்ளது' என்றால் இப்போதைய நிலை. 'உயர்ந்து வருகிறது' என்றால் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, நாளையும் நடக்கும் என்று அர்த்தம். ஒரே ஒரு மாதம் மேலே போனதை வைத்து 'வருகிறது' என்று எழுத முடியாது. அது போக்கு என்று சொல்ல அடுத்தடுத்த சில மாதங்கள் ஒரே திசையில் போயிருக்க வேண்டும். எங்கள் ரிப்போர்ட்டில் இந்த ஒரு துணைவினைதான் நாலு சூப்பர்வைசர்களையும் நிற்க வைத்தது.

அதே பக்கத்தில் இருந்த இன்னொரு படம்

கீழே ஃபைனல் ஆடிட் படமும் இருந்தது. பேக்கிங் முடிந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கும் கணக்கு அது. 3,201 முதல் 10,000 பீஸ் வரையிலான லாட்டுக்கு, வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனையில் 200 பீஸ் எடுக்க வேண்டும். ஏற்கத்தக்க குறை அளவைக் குறிக்கும் ஏ.க்யூ.எல். 2.5 என்றால் அந்த 200-ல் 10 குறை வரை லாட் தேறும், 11 வந்தால் திரும்பும். எங்களுக்கு முந்தைய லாட்டில் 4, இந்த லாட்டில் 6. ரிப்போர்ட்டில் "50% உயர்வு" என்று இருந்தது.

200 பீஸில் 4 வருவதும் 6 வருவதும் எந்தப் பெட்டியில் கை விட்டோம் என்பதைப் பொறுத்தது. சரக்கின் தரம் கொஞ்சமும் மாறாமலேயே ஒரு லாட்டில் 3, அடுத்ததில் 8 என்று வரலாம். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் சதவீத உயர்வு எழுதவே கூடாது. "200 பீஸில் 6 குறை. ஏற்கும் வரம்பு 10" என்று எழுதினால் போதும். இங்கே விகிதம் பெரிதாகத் தெரிந்ததற்கு ஒரே காரணம் அடி எண் சிறியதாக இருந்ததுதான்.

இரண்டாவது ரிப்போர்ட்

முதல் ரிப்போர்ட்டால் வந்த சங்கடத்தைப் பார்த்து அந்தப் பெண் பயந்துவிட்டது. அடுத்த வாரம் திருத்தி எடுத்து வந்த படத்தில் அச்சு 0-விலிருந்து 100 வரை. வாசகம்: "குறைபாடு ஆண்டு முழுவதும் 3% அளவில் நிலையாக உள்ளது."

அதே 5 செ.மீ. உயரத்தில் மே பட்டை 1.4 மி.மீ., ஆகஸ்ட் பட்டை 1.7 மி.மீ. வித்தியாசம் பேனாக் கோட்டின் தடிமன்கூட இல்லை. அடி 0-வில் இருக்கிறது, விதிப்படி சரி. ஆனால் உச்சி 100 வரை போக வேண்டிய காரணமே இல்லை. நூற்றுக்கு நூறு பீஸும் திரும்பும் நிலை எந்தத் தையல் கம்பெனியிலும் வராது. யாரும் எட்டாத உயரத்தை உச்சியாக வைத்தால் எந்த மாற்றமும் தரையோடு படுத்துவிடும்.

இதைத்தான் நான் கூடுதலாகக் கண்டிக்க வேண்டியிருந்தது. முதல் ரிப்போர்ட்டைப் பார்த்தவர் குறைந்தபட்சம் கேள்வியாவது கேட்டார். இரண்டாவதைப் பார்ப்பவர் ஒன்றும் கேட்க மாட்டார். அந்த 3.4-க்குள் கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது.

3.4 என்பது சிறிய மாற்றமா, பெரிய மாற்றமா

இதற்குப் பதில் படத்தில் கிடைக்காது, எண்ணின் பழைய நடத்தையில்தான் கிடைக்கும். ஜனவரி முதல் ஜூலை வரை எண் 2.8-க்கும் 3.2-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் இருந்த வித்தியாசங்கள் 0.2, 0.3, 0.2, 0.2, 0.3, 0.1. இதுதான் எங்கள் வழக்கமான ஆட்டம். ஜூலையிலிருந்து ஆகஸ்டுக்கு வந்த வித்தியாசம் 0.4. வழக்கமான ஆட்டத்தைவிடக் கொஞ்சம் கூட, இதுவரை இருந்த எல்லைக்குக் கொஞ்சம் வெளியே. ஏழு மாதத்தை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் 'எகிறியது' என்பதற்கும் 'நிலையாக உள்ளது' என்பதற்கும் நடுவில், 'வழக்கமான அளவைச் சற்றுத் தாண்டியுள்ளது' என்பதுதான் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. 'சற்று' என்று எழுதினால் பக்கத்திலேயே எண் இருக்க வேண்டும். தனியாக விட்டால் அவரவர் மனதுக்கு ஏற்ற அளவை அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

சற்றுத் தாண்டியிருக்கிறது என்றால் அடுத்த வேலை பிரித்துப் பார்ப்பது. செக்கிங் சீட்டுகளை எடுத்து லைன் வாரியாகக் கூட்டினோம். ஜூலையில் நாலு லைனும் 3.0 பக்கம்தான். ஆகஸ்டில் 1, 2, 4 மூன்றும் அதே 3.0. மூன்றாவது லைன் மட்டும் 4.6. பீஸ் கணக்கில் 375 திரும்பிய இடத்தில் 575. கம்பெனி முழுக்கக் கூடிய 200 பீஸும் அந்த ஒரு லைனிலிருந்து வந்தவை.

நாலு லைன் சராசரியில் 0.4 என்று ஒடுங்கிக் கிடந்தது ஒரு லைனில் 1.6. முதல் ரிப்போர்ட் கம்பெனி முழுக்கத் தரம் போய்விட்டதுபோல் சொன்னது, போகவில்லை. இரண்டாவது ரிப்போர்ட் எதுவும் மாறவில்லை என்றது, மூன்றாவது லைனில் மாறியிருந்தது. இரண்டு ரிப்போர்ட்டையும் எழுதும்போது நாங்கள் இந்தச் சீட்டுகளை எடுத்துப் பார்க்கவே இல்லை.

மூன்றாவது லைன் சீட்டுகளில் குறை வாரியாகப் பார்த்ததில் ஊசி ஓட்டை ஜூலையில் 60, ஆகஸ்டில் 230. கூடிய 200-ல் 170 இதுவே. அந்த லைனில் ஜூலை வரை கனமான டெர்ரி துணி ஓடியது. ஆகஸ்ட் முதல் வாரம் மெல்லிய லைக்ரா ஜெர்சி ஏறியது.

மூன்றாவது ரிப்போர்ட்

மொத்தக் கணக்குக்குப் பட்டை வரைபடம்தான் வைத்தோம், அச்சு 0 முதல் 4 வரை. அதில் ஆகஸ்ட் பட்டை லேசாக உயர்ந்து தெரியும், அவ்வளவுதான் தெரிய வேண்டும். லைன் வாரிக் கணக்குக்குக் கோட்டு வரைபடம், அச்சு 2 முதல் 5 வரை. கோட்டில் நாம் பார்ப்பது நீளத்தை அல்ல, ஏற்ற இறக்கத்தை. அதனால் 0-வில் தொடங்கியே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் படத்துக்கு அடியிலேயே "அச்சு 2-ல் தொடங்குகிறது" என்று எழுதிவிட்டோம். வாசகம் இது:

"ஆகஸ்டில் 1,000 பீஸுக்கு 34 பீஸ் ஆல்ட்டருக்குத் திரும்பின, ஜூலையில் 30. ஜனவரி முதல் ஜூலை வரை இது 28-க்கும் 32-க்கும் இடையே இருந்தது. ஆகஸ்ட் அந்த அளவைச் சற்றுத் தாண்டியுள்ளது. 1, 2, 4 லைன்களில் மாற்றம் இல்லை. 3-வது லைனில் 1,000-க்கு 30 ஆக இருந்தது 46 ஆகியுள்ளது. கூடிய 200 பீஸும் இந்த லைனைச் சேர்ந்தவை. அவற்றில் 170 ஊசி ஓட்டை. இந்த லைனில் ஆகஸ்ட் முதல் வாரம் லைக்ரா ஜெர்சி தொடங்கியது. காரணம் அதுதானா என்று பார்க்கப்படுகிறது."

கடைசி இரண்டு வாக்கியத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அந்தப் பெண் முதலில் "லைக்ரா துணியால் ஊசி ஓட்டை அதிகரித்தது" என்று எழுதியிருந்தது. படம் எப்போது கூடியது என்று காட்டும். எதனால் என்று காட்டாது. அதே வாரம் இரண்டு புது டெய்லர்களும் அந்த லைனில் சேர்ந்திருந்தார்கள். பார்த்து உறுதி செய்யும் வரை 'தொடங்கியது' என்று இரண்டையும் பக்கத்தில் வைக்கலாம், 'ஆல்' போட்டு இணைக்கக் கூடாது.

பார்த்தபோது தெரிந்தது, டெர்ரிக்குப் போட்டிருந்த 14-ம் நம்பர் ஊசியிலேயே பல மெஷினில் ஜெர்சியும் ஓடியிருக்கிறது. மெல்லிய துணியில் தடித்த ஊசி நூலை விலக்காமல் அறுத்துவிடும். பழைய ஆட்கள் ஓட்டிய மெஷினிலும் ஓட்டை வந்திருந்ததால் புது டெய்லர்கள் மேல் பழி போகவில்லை. 9-ம் நம்பர் பால் பாயிண்ட் ஊசி மாற்றினார்கள்.

செப்டம்பர் எண்

செப்டம்பர் முடிந்து எண் வந்தது: 3.6. ஆகஸ்டைவிடவும் மேலே. லைன் வாரியாக நாலும் 3.6 பக்கம். மூன்றாவது லைனில் ஊசி ஓட்டை 230-லிருந்து 70 ஆகக் குறைந்திருந்தது. குறை சரியாகிவிட்டது, மொத்த எண்ணோ ஏறியிருக்கிறது.

காரணம் அந்தக் கறார் உத்தரவு. முன்பெல்லாம் நூல் பிசிறு இருந்தால் செக்கிங் அக்காக்கள் கையில் இருக்கும் டிரிம்மரால் வெட்டிவிட்டு பீஸை நல்லது பக்கம் போடுவார்கள். உத்தரவுக்குப் பிறகு அதையும் ஆல்ட்டர் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். செப்டம்பரில் திரும்பிய 1,800 பீஸில் 290 வெறும் பிசிறு. அதைக் கழித்தால் 1,510, பழைய கணக்குப்படி நூற்றுக்கு 3.0.

எங்கள் முதல் ரிப்போர்ட்டின் மிகை, அளக்கும் முறையையே மாற்றி, உண்மையில் இல்லாத ஓர் உயர்வை அடுத்த மாதம் உண்டாக்கிவிட்டது. ஆகஸ்ட் 3.4, செப்டம்பர் 3.6 என்று பக்கத்தில் பக்கத்தில் பட்டை போட்டிருந்தால் அச்சு 0-வில் இருந்தும், சொற்கள் அடக்கமாக இருந்தும், படம் பொய்தான் சொல்லியிருக்கும்.

செப்டம்பர் படத்தில் இரண்டு மாதத்துக்கும் நடுவில் ஒரு புள்ளிக்கோடு போட்டு, "இங்கிருந்து நூல் பிசிறும் சேர்த்து எண்ணப்படுகிறது" என்று எழுதினோம். செப்டம்பர் பட்டையை இரண்டு நிறமாகப் பிரித்து, பழைய கணக்கு 3.0 கீழேயும், பிசிறு 0.6 மேலேயும் வைத்தோம். வாசகத்தை இந்த முறை அந்தப் பெண்ணே எழுதியது: "செப்டம்பரில் 1,000 பீஸுக்கு 36 திரும்பின. இதில் 6 நூல் பிசிறு. ஆகஸ்ட் வரை இது கணக்கில் இல்லை. பழைய முறைப்படி 30, ஜூலை அளவே."

முதலாளி படித்துவிட்டு, "அப்ப பிசிறைத் தனிக் கட்டத்துல எழுதிக்கலாமுங்க, ரெண்டையும் கலக்க வேண்டாம்" என்றார். அக்டோபர் சீட்டில் அதற்கென்று ஒரு கட்டம் சேர்த்து அச்சடித்துவிட்டோம்.